அத்தியாயம் 9: வளைகுடாக் கணக்கும் வரித் துறை நோட்டீஸும் – பதில் எழுதும் முறை

பல ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு வருமான வரித் துறையிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. ‘இந்தியாவில் வசிப்பவர் என்று ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறீர்கள். உங்கள் பெயரில் வெளிநாட்டு வங்கிக் கணக்கு இருப்பதாகத் தகவல் வந்துள்ளது. அதை ரிட்டர்னில் காட்டவில்லை. உங்கள் வசிப்பு நிலையை ஆதாரத்தோடு விளக்குங்கள்’ என்பதே அதன் சாரம். கடிதத்தின் கீழ்ப்பகுதியில் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின் பெயரும் இருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் யாரும் அன்றிரவு தூங்குவதில்லை.

பெரும்பாலானோர் செய்வது இரண்டில் ஒன்று. சிலர் பதிலே போடாமல் விட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் ‘நான் என்.ஆர்.ஐ., எனக்கு இது பொருந்தாது’ என்று இரண்டு வரி எழுதி அனுப்புகிறார்கள். இரண்டுமே கெடுதல். ஊர் திரும்பியவரின் வசிப்பு நிலை நிதியாண்டுக்கு நிதியாண்டு மாறும். மூன்று ஆண்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தால் மூன்று தனித்தனி விடைகள் வேண்டும். அந்த விடைகளைக் கண்டுபிடிப்பதையும் எழுதுவதையும் இந்த அத்தியாயம் ஓர் உதாரணத்தின் வழியே காட்டுகிறது.

உதாரணம்

இது விளக்கத்துக்காக அமைத்த உதாரணம். தென்காசிப் பக்கத்து வெல்டர் ஒருவர் 2009 ஜனவரியில் துபாய்க்கு வேலைக்குப் போகிறார். இடையிடையே லீவில் வந்துபோகிறார். 2020 மார்ச் 3 அன்று லீவில் வந்தவர் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு அக்டோபர் 11 அன்றுதான் திரும்பப் போக முடிந்தது. விசாவை ரத்து செய்துவிட்டு 2022 செப்டம்பர் 10 அன்று ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். கிராஜுவிட்டியும் லீவு சம்பளமும் செப்டம்பர் 28 அன்று துபாய் வங்கிக் கணக்கில் விழுந்தன. அந்தப் பணம் வரவேண்டும் என்பதற்காகவே கணக்கை மூடாமல் வைத்திருந்தார். அதன்பின் இருப்பு 38,000 திர்ஹாம் அளவில் அப்படியே கிடந்தது. 2025 பிப்ரவரி 20-இல்தான் கணக்கை முடித்துப் பணத்தை ஊருக்கு அனுப்பினார்.

ஊரில் கடை வாடகையும் வைப்புநிதி வட்டியும் உண்டு. கம்ப்யூட்டர் சென்டரில் ஆண்டுதோறும் ITR-1 படிவத்தில் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் நோட்டீஸ் வந்தது. 2022-23, 2023-24, 2024-25 ஆகிய மூன்று நிதியாண்டுகளுக்கும் விளக்கம் கேட்டிருந்தது.

தகவல் துறைக்கு எப்படிப் போனது?

வரி விஷயத்தில் நாடுகள் வங்கிக் கணக்குத் தகவலை ஆண்டுதோறும் பரிமாறிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒருவர் எந்த நாட்டில் வரிக்கு உட்பட்டவர் என்று வங்கியில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாட்டுக்கு அவருடைய கணக்கு எண்ணும் ஆண்டிறுதி இருப்பும் வட்டியும் போகும். நம் வெல்டர் துபாய் விசாவில் இருந்தவரை அவர் அமீரகவாசி. ஊர் திரும்பிய பிறகு வங்கி விவரம் புதுப்பிக்கச் சொன்னபோது தென்காசி முகவரியும் பான் எண்ணும் கொடுத்தார். அதன்பின் அவர் கணக்கு இந்தியாவுக்கு அனுப்பும் பட்டியலில் ஏறியது.

இங்கே ITR-1 படிவத்தின் பங்கும் பெரியது. உள்நாட்டில் சாதாரணமாக வசிப்பவர் மட்டுமே அந்தப் படிவத்தைப் பயன்படுத்தலாம். ஆகவே அதைத் தாக்கல் செய்ததே ‘நான் முழு உள்நாட்டவன்’ என்று அறிவித்ததற்குச் சமம். அந்தப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்ட இடமும் கிடையாது. ஒரு பக்கம் வெளிநாட்டுக் கணக்கு, இன்னொரு பக்கம் முழு உள்நாட்டவர் என்ற ரிட்டர்ன். இரண்டும் துறையின் கணினியில் மோதியதன் விளைவே இந்த நோட்டீஸ்.

முதல் வேலை: கடிதத்தை உறுதிசெய்தல்

உண்மையான கடிதத்தில் DIN என்ற ஆவண எண் இருக்கும். incometax.gov.in தளத்தின் முகப்பில் ‘Authenticate Notice/Order Issued by ITD’ என்ற இணைப்பில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். உங்கள் கணக்கில் உள்நுழைந்து e-Proceedings பகுதியிலும் பாருங்கள். துறையிலிருந்து வரும் செய்திகளில் சில வெறும் நினைவூட்டல்கள். ‘வெளிநாட்டுச் சொத்து இருந்தால் ரிட்டர்னைத் திருத்துங்கள்’ என்று குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வரும் அதற்கு விளக்கக் கடிதம் தேவைப்படாது, ரிட்டர்னைச் சரிபார்த்துத் திருத்தினால் போதும். பிரிவு எண்ணோடும் பதில் தர வேண்டிய தேதியோடும் வருவதுதான் நோட்டீஸ்.

எந்தப் பிரிவு என்று பாருங்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 133(6) என்றால் தகவல் கேட்கிறார்கள். 148A என்றால் பழைய ஆண்டின் கணக்கைத் திறக்கலாமா என்று முடிவெடுக்கும் கட்டம். கறுப்புப் பணச் சட்டத்தின் 10(1) என்றால் அந்தச் சட்டத்தின் கீழ் மதிப்பீடே தொடங்கிவிட்டது, வழக்கறிஞரோ அனுபவமுள்ள ஆடிட்டரோ இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. நம் வெல்டருக்கு வந்தது 133(6). 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், இந்த மூன்று ஆண்டுகளுக்கும் பழைய சட்டமே பொருந்தும்.

பதிலுக்குக் கொடுத்த நாள் போதாது என்றால் அது கடப்பதற்கு முன்பே தளத்தில் அவகாசம் கேளுங்கள்.

நோட்டீஸுக்குள் இருக்கும் மூன்று கேள்விகள்

கடிதம் ஒரே பத்தியாக இருந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டிலும் நீங்கள் யார்? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கணக்கை ரிட்டர்னில் காட்ட வேண்டிய ஆண்டில் காட்டினீர்களா? இவற்றை ஒன்றோடொன்று குழப்பாமல் பிரித்து விடை சொல்வதே நல்ல பதில்.

பிரித்துப் பார்ப்பதில் பணமும் இருக்கிறது. பணத்தின் மூலத்தை விளக்க முடியாவிட்டால் கறுப்புப் பணச் சட்டம் அதன் மதிப்பில் 30 விழுக்காடு வரியும், அந்த வரியின் மூன்று மடங்கு அபராதமும் விதிக்கிறது. மூலம் சுத்தமாக இருந்து, காட்டாமல் விட்டது மட்டுமே தவறு என்றால் 43-ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. கணக்கில் இருப்பது 8 லட்சமாக இருந்தாலும் அபராதம் 10 லட்சம்தான். ஆனால் சிறு தொகைகளுக்கு விலக்கு உண்டு. 2024 அக்டோபர் 1-க்கு முன் வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எந்த நாளிலும் 5 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் விலக்கு. அந்தத் தேதியிலிருந்து அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் விலக்கு.

நாள் கணக்கு எடுப்பது

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தியாவில் இருந்த நாட்களின் கணக்கு. பழைய, புதிய பாஸ்போர்ட்டுகள் அனைத்தையும் எடுத்து, இந்தியக் குடியேற்ற முத்திரைகளை மட்டும் தேதி வரிசையில் எழுதுங்கள். வந்த நாளையும் போன நாளையும் இரண்டையுமே இந்தியாவில் இருந்ததாக எண்ணுங்கள். வந்த நாளை விட்டுவிடலாம் என்ற வாதம் உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்தும் உங்கள் கணக்கு நின்றால் அதிகாரி கேள்வி கேட்க இடமே இருக்காது. நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிவதால், மார்ச்சில் வந்து ஏப்ரலுக்குப் பிறகு போன லீவை இரண்டு ஆண்டுகளாகப் பிரித்து எழுத வேண்டும்.

முத்திரை மங்கியிருந்தால் விமான டிக்கெட், போர்டிங் பாஸ், மின்னஞ்சலில் இருக்கும் பயணச் சீட்டு ஆகியவை உதவும். துபாயில் ஸ்மார்ட் கேட் வழியாகப் போனால் அந்தப் பக்கம் முத்திரை இருக்காது. அங்குள்ள குடியேற்றத் துறையிடம் பயண விவர அறிக்கை வாங்கலாம். பழைய பாஸ்போர்ட் தொலைந்துபோனவருக்கு அதுவே முதன்மை ஆதாரம்.

நம் வெல்டரின் பட்டியல் இப்படி வந்தது:

2016-17: 40 நாட்கள்
2017-18: வரவில்லை
2018-19: 58 நாட்கள்
2019-20: 29 நாட்கள் (2020 மார்ச் 3 முதல் 31 வரை)
2020-21: 194 நாட்கள் (ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 11 வரை, ஊரடங்கு)
2021-22: 35 நாட்கள்
2022-23: 203 நாட்கள் (செப்டம்பர் 10 முதல் மார்ச் 31 வரை)
2023-24: 366 நாட்கள், முழு ஆண்டு

2016-க்கு முந்தைய ஆண்டுகளிலும் லீவு எதுவும் இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை.

பட்டியலிலிருந்து நிலையை எடுப்பது

சட்டத்தின் 6-ஆம் பிரிவு இரண்டு படியாக வேலை செய்கிறது. முதல் படியில் ஓராண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் உள்நாட்டவர். 60 நாட்கள் என்ற இன்னொரு வரம்பும் உண்டு. ஆனால் வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் லீவில் வந்துபோகும்போது அந்த 60 என்பது 182 ஆகிவிடும். இந்தியாவில் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் இருந்தால் மட்டும் அது 120 ஆகும். நம் வெல்டரின் இந்திய வருமானம் அதற்கு வெகு கீழே.

இரண்டாம் படியில் உள்நாட்டவர் ஆனவர் ‘சாதாரணமாக வசிக்காத உள்நாட்டவர்’ என்ற இடைநிலையில் வருகிறாரா என்று பார்க்க வேண்டும். ஆடிட்டர்கள் இதை ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாட்டவராக இருந்திருந்தால் அந்த நிலை கிடைக்கும். அது இல்லாவிட்டால் முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் மொத்தம் 729-க்குள் இருந்தாலும் கிடைக்கும். இரண்டில் ஒன்று போதும். ஊர் திரும்புபவருக்குச் சட்டம் கொடுக்கும் பெரிய பாதுகாப்பு இது. ஆர்.என்.ஓ.ஆர். ஆக இருக்கும் ஆண்டில், வெளிநாட்டில் உண்டாகி வெளிநாட்டிலேயே பெற்ற சம்பளத்துக்கும் வட்டிக்கும் இங்கே வரி கிடையாது. வெளிநாட்டுச் சொத்துகளைப் பட்டியலிடும் Schedule FA-வை நிரப்பும் கடமையும் கிடையாது.

இப்போது மூன்று ஆண்டுகளையும் பார்ப்போம்.

2022-23-இல் 203 நாட்கள், ஆகவே உள்நாட்டவர். முந்தைய 10 ஆண்டுகளில் ஊரடங்கு ஆண்டில் மட்டும் 194 நாட்களால் உள்நாட்டவர் ஆகிறார். மற்ற 9 ஆண்டுகளும் வெளிநாட்டவர். எனவே ஆர்.என்.ஓ.ஆர்.

2023-24-இல் முழு ஆண்டும் இங்கே இருந்தார். முந்தைய 10 ஆண்டுகளில் 2020-21, 2022-23 இரண்டும் உள்நாட்டு ஆண்டுகள் என்பதால் வெளிநாட்டு ஆண்டுகள் 8 மட்டுமே. முதல் வழி அடைபட்டது. இரண்டாவது வழியில் 2016-17 முதல் 2022-23 வரை கூட்டினால் 559 நாட்கள். 729-க்குள் இருப்பதால் இந்த ஆண்டும் ஆர்.என்.ஓ.ஆர்.

2024-25-க்கு 2017-18 முதல் 2023-24 வரை கூட்ட வேண்டும். மொத்தம் 885. இரண்டாவது வழியும் அடைபட்டது. இந்த ஆண்டு அவர் முழு உள்நாட்டவர். வெளிநாட்டுக் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும்.

ஊரடங்கின் 194 நாட்களைக் கழித்துப் பாருங்கள், கூட்டுத்தொகை 691 ஆகும். அந்தத் தங்கல் இல்லாதிருந்தால் 2024-25-இலும் அவர் ஆர்.என்.ஓ.ஆர். ஆக இருந்திருப்பார். ‘ஊர் திரும்பினால் மூன்று ஆண்டு கவலையில்லை’ என்று நண்பர்கள் சொல்லும் பொதுக் கணக்கை நம்பியவர்கள் தவறுவது இத்தகைய இடத்தில்தான். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஸ்போர்ட்தான் கணக்கு.

இந்தக் கணக்கின் விலை

கணக்கில் 38,000 திர்ஹாம், அதாவது 8 லட்சத்துக்கு மேல். 2022-23, 2023-24 ரிட்டர்ன்களை அவர் முறையே 2023 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் தாக்கல் செய்தார். அப்போது விலக்கு வரம்பு 5 லட்சம்தான். 20 லட்ச வரம்பு அதற்குப் பின் வந்தது. பழைய ரிட்டர்ன்களுக்கும் அது பொருந்தும் என்று நம்பி நிற்பது ஆபத்து. ஆகவே அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவரைக் காப்பது ஆர்.என்.ஓ.ஆர். நிலை ஒன்றே. நாள் பட்டியல் நிரூபணமாகாவிட்டால் ஆண்டுக்கு 10 லட்சம் வீதம் அபராத ஆபத்து இருக்கிறது.

2024-25-இன் கதை வேறு. அந்த ரிட்டர்ன் 2025 ஜூலையில் போனது. அந்த ஆண்டு அவருடைய நிலை பாதகமானது. ஆனால் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருப்பதால் 43-ஆம் பிரிவின் அபராதம் பொருந்தாது. இருந்தாலும் காட்டும் கடமை போய்விடவில்லை. விலக்கு அபராதத்துக்குத்தான், அறிவிப்புக்கு இல்லை.

பதிலுக்கு முன் ரிட்டர்னைத் திருத்துதல்

2024-25 நிதியாண்டின் ரிட்டர்னைத் திருத்தக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. நோட்டீஸ் நவம்பரில் வந்ததால் நம் வெல்டருக்கு வழி திறந்திருந்தது. ITR-2 படிவத்தில் திருத்திய ரிட்டர்ன் போட்டு, அதன் ஒப்புகையைப் பதிலோடு இணைக்க வேண்டும். தேதி கடந்திருந்தால் ‘புதுப்பித்த ரிட்டர்ன்’ என்ற வழியை நினைப்பார்கள். ஆனால் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் துறையிடம் உள்ள தகவல் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். அதனால்தான் டிசம்பர் 31 அவ்வளவு முக்கியம்.

Schedule FA-வின் A1 அட்டவணையில் வங்கியின் பெயர், முகவரி, கணக்கு எண், தொடங்கிய தேதி, ஆண்டின் உச்ச இருப்பு, ஆண்டிறுதி இருப்பு, வட்டி ஆகியவை கேட்கப்படும். இங்கே ‘ஆண்டு’ என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2024-25 நிதியாண்டின் ரிட்டர்னில் 2024 காலண்டர் ஆண்டின் விவரம் வரவேண்டும். உச்ச இருப்பை அந்த உச்ச நாளின் விகிதத்திலும், இறுதி இருப்பை டிசம்பர் 31-இன் விகிதத்திலும் ரூபாயாக்க வேண்டும். இரண்டுக்கும் ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவின் தந்தி மாற்று வாங்கும் விகிதத்தையே எடுக்க வேண்டும். ஆனால் வருமானமாகக் காட்டும் வட்டிக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கு. நம் வெல்டருக்கு அது 170 திர்ஹாம், சுமார் 4,000 ரூபாய். சிறு தொகை என்று விட்டுவிடக் கூடாது. அமீரக வங்கி அனுப்பும் தகவலில் வட்டிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

2022-23, 2023-24 ரிட்டர்ன்களைத் திருத்தும் காலம் முடிந்துவிட்டது. தவறான படிவம் போட்டதை மறைக்காமல் பதிலிலேயே சொல்ல வேண்டும். வசிப்பு நிலை நாள் கணக்கிலிருந்து சட்டப்படி பிறப்பது. படிவத்தில் தவறாக எழுதியதால் அது மாறிவிடாது.

பணத்தின் மூலம்

கிராஜுவிட்டிக்கு நிறுவனம் தந்த இறுதி செட்டில்மென்ட் தாளே சிறந்த ஆதாரம். அதன் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் 2,000 திர்ஹாம் என்றால் முதல் ஐந்தாண்டுக்கு 7,000, மீதி 8 ஆண்டு 8 மாதத்துக்கு ஏறத்தாழ 17,300. ஆக 24,300. லீவு சம்பளம் 2,500. ஏற்கெனவே கணக்கில் இருந்தது 11,200. கூட்டினால் 38,000. கணக்கு அறிக்கையின் தொகையோடு இது பொருந்தினால் மூலம் பற்றிய கேள்வி அங்கேயே முடிகிறது.

கிராஜுவிட்டி 2022 செப்டம்பர் 28-இல் வந்தபோது அவர் ஊரில் இருந்தார். அதனால் அது இந்தியாவில் பெற்ற வருமானம் ஆகிவிடுமா? ஆகாது. வேலை துபாயில் நடந்தது, பணம் துபாய்க் கணக்கில் விழுந்தது, அந்த ஆண்டு அவர் ஆர்.என்.ஓ.ஆர். 2025-இல் அதை ஊருக்கு அனுப்பியது தன் சேமிப்பை இடம் மாற்றியது மட்டுமே.

பதில் கடிதம்

தளத்தில் ஆங்கிலத்தில் ஏற்றும்போதும் இந்த வரிசையையே பின்பற்றுங்கள்.

*மதிப்புக்குரிய வருமான வரி அதிகாரி அவர்களுக்கு,*

*பொருள்: 2022-23, 2023-24, 2024-25 நிதியாண்டுகள் – தங்கள் கடிதத்துக்கு விளக்கம் (ஆவண எண், தேதி, என் பான் எண்).*

*1. நான் 2009 ஜனவரி முதல் 2022 செப்டம்பர் வரை ஐக்கிய அரபு அமீரகத்தில் வெல்டராகப் பணியாற்றினேன். 2022 செப்டம்பர் 10 அன்று நிரந்தரமாக இந்தியா திரும்பினேன். பாஸ்போர்ட் நகல்களும் விசா ரத்துச் சான்றும் இணைப்பு 1, 2.*

*2. நிதியாண்டு வாரியாக நான் இந்தியாவில் இருந்த நாட்களின் பட்டியல் இணைப்பு 3. வந்த நாளும் சென்ற நாளும் சேர்த்து எண்ணப்பட்டுள்ளன. 2020-21-இல் ஊரடங்கால் 194 நாட்கள் தங்க நேர்ந்ததையும் அப்படியே சேர்த்திருக்கிறேன்.*

*3. 2022-23-இல், அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாட்டவராக இருந்ததால், 6(6) பிரிவின்படி சாதாரணமாக வசிக்காத உள்நாட்டவர். 2023-24-இல், முந்தைய 7 ஆண்டுகளில் 559 நாட்கள் மட்டுமே இந்தியாவில் இருந்ததால் அதே நிலை. இவ்விரு ஆண்டுகளிலும் Schedule FA நிரப்பும் கடமை எனக்கு இல்லை. ITR-1 படிவம் தவறுதலாகத் தாக்கல் செய்யப்பட்டது. அதனால் இந்தியாவில் செலுத்த வேண்டிய வரி எதுவும் குறையவில்லை.*

*4. 2024-25-இல் நான் சாதாரணமாக வசிக்கும் உள்நாட்டவர் என்பதை ஏற்கிறேன். முதல் ரிட்டர்னில் கணக்கைக் காட்டவில்லை. 139(5) பிரிவின் கீழ் திருத்திய ரிட்டர்னை உரிய காலத்துக்குள் தாக்கல் செய்து, Schedule FA-வில் கணக்கையும் வருமானத்தில் வட்டியையும் காட்டியுள்ளேன். ஒப்புகை இணைப்பு 4.*

*5. கணக்கில் இருந்த 38,000 திர்ஹாமின் மூலம்: முந்தைய சம்பளச் சேமிப்பு 11,200, பணிக்கொடை 24,300, லீவு சம்பளம் 2,500. நிறுவனத்தின் இறுதி செட்டில்மென்ட் தாள் இணைப்பு 5. கணக்கு அறிக்கைகள் இணைப்பு 6. கணக்கு 2025 பிப்ரவரி 20 அன்று முடிக்கப்பட்டு, தொகை வங்கி வழியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது; சான்று இணைப்பு 7.*

*6. வெளிநாட்டில் எனக்கு வேறு கணக்கோ, முதலீடோ, அசையாச் சொத்தோ இல்லை. 2024-25-இல் வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு எந்த நாளிலும் 20 லட்சம் ரூபாயைத் தாண்டவில்லை என்பதால், கறுப்புப் பணச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு பொருந்தாது என்று தெரிவித்துக்கொள்கிறேன்.*

*மேலும் விளக்கம் தேவைப்பட்டால் நேரில் வரவும் தயாராக இருக்கிறேன்.*

நான்காம் பத்தியைச் சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்காதீர்கள். அந்த ஓர் ஆண்டை நேராக ஏற்றுக்கொள்வதால்தான் மற்ற இரண்டு ஆண்டுகளின் கணக்கை அதிகாரி நம்புகிறார். மூன்று ஆண்டுக்கும் ‘என்.ஆர்.ஐ.’ என்று எழுதினால், ஒன்றில் பொய் தெரிந்ததும் மூன்றும் சேர்ந்து விழும். ஆறாம் பத்தியின் முதல் வரியும் கனமானது. துபாயில் மறந்துபோன இன்னொரு சேமிப்புக் கணக்கு இருந்தால் அந்த வரி பொய்யாகிவிடும். எழுதும் முன் பழைய சம்பள அட்டை, பங்கு முதலீட்டுச் செயலி, நண்பரோடு கூட்டாக வைத்த கணக்கு எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள்.

தடுக்கி விழும் இடங்கள்

அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவில் வசிப்பு என்பது நோக்கத்தையும் பார்க்கிறது. நிரந்தரமாகத் திரும்பிய நாளிலிருந்தே நீங்கள் அதன்படி உள்நாட்டவர். அதனால் என்.ஆர்.இ. கணக்கை உடனே சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும். அங்கே ‘உள்நாட்டவர்’ என்றும் வரித் துறையிடம் ‘ஆர்.என்.ஓ.ஆர்.’ என்றும் சொல்வது முரண்பாடு இல்லை, இரண்டும் வெவ்வேறு சட்டங்கள். ஆனால் மாற்றாமல் விட்டிருந்தால், திரும்பிய பிறகு வந்த என்.ஆர்.இ. வட்டிக்கு வரிவிலக்கு கிடைக்காது. அந்த வட்டியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்த பணத்தைத் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்திருப்பது தவறில்லை. ஃபெமாவின் 6(4) பிரிவு அதை அனுமதிக்கிறது. எனவே பயந்துபோய் நோட்டீஸ் வந்த வாரம் பணத்தை நண்பர் கணக்குக்கு மாற்றுவதோ உண்டியலில் எடுப்பதோ வேண்டாம். இல்லாத குற்றத்தை அது உருவாக்கும்.

‘கணக்கைத்தான் மூடிவிட்டோமே’ என்று அடுத்த ரிட்டர்னில் விட்டுவிடுவதும் வழக்கமான தவறு. நம் வெல்டரின் கணக்கு 2025 பிப்ரவரி 20 வரை உயிரோடு இருந்தது. ஆகவே 2025-26 நிதியாண்டின் ரிட்டர்னில், 2025 காலண்டர் ஆண்டுக்கான Schedule FA-வில் அது மறுபடியும் வரவேண்டும். உச்ச இருப்பு அந்த 51 நாட்களுக்குரியது, இறுதி இருப்பு பூஜ்யம். அமீரக வங்கி மூடிய கணக்கையும் அந்த ஆண்டின் பட்டியலில் சேர்த்து அனுப்பும். உங்கள் படிவத்தில் அது இல்லாவிட்டால் அடுத்த கடிதம் வரும்.

பதிலை ஏற்றியதும் வரும் ஒப்புகை எண்ணை எழுதிவையுங்கள். பாஸ்போர்ட்டுகள், செட்டில்மென்ட் தாள், கணக்கு அறிக்கைகள் ஆகியவற்றின் அசல்களை ஒரே கோப்பில் வையுங்கள். அதிகாரி ஏற்றுக்கொண்டாலும் தனிக் கடிதம் வராமல் போகலாம், e-Proceedings பகுதியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மேலும் கேட்டால் நாள் பட்டியலின் எந்த வரியைச் சந்தேகிக்கிறார்கள் என்று முதலில் பார்த்து, அந்த வரிக்குரிய முத்திரைப் பக்கத்தையும் டிக்கெட்டையும் மட்டும் எடுத்து அனுப்புங்கள்.